பிடிஎஃப் பட்டியலில் ‘PAID’ முத்திரை: செய்வதும் இடுவதும்

வங்கியில் காசோலைக்கு ரொக்கம் கொடுத்தவுடன் காசாளர் செய்யும் முதல் வேலை, அதன் மேல் தேதியுடன் கூடிய ரப்பர் முத்திரையைக் குத்துவதாகும். அந்தத் தாளுக்கு மறுமுறை பணம் கொடுக்கப்படாமல் காப்பது அந்த முத்திரையே. தாள் ஒன்றுதான், ஆகவே அதன்மேல் ஒரு முத்திரை போதும். வாடிக்கையாளர்களின் கணக்கு மேசைக்கு இன்று வரும் விலைப்பட்டியல்களோ பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகள். ஒரே பட்டியல் மின்னஞ்சலில் ஒரு படியும் வாட்ஸ்ஆப்பில் ஒரு படியுமாக வரும். ஒன்றின்மேல் முத்திரை இட்டால் மற்றொன்று முத்திரையின்றியே இருக்கும். இக்கட்டுரையில் முத்திரை செய்யும் முறையைக் கூறும்போது இந்த வேறுபாட்டையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர் கட்டுமானப் பொருள் வணிகர். ரூ.41,000 மதிப்புள்ள சரக்குக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.7,380 சேர்த்து ரூ.48,380-க்கு அவருக்கு ஒரு பட்டியல் வந்தது. மின்னஞ்சலில் வந்த படியைப் பார்த்து மகன் 6-ஆம் தேதி நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்பினார். விற்பனையாளரின் ஆள் அதே பட்டியலை வேறு கோப்புப் பெயரில் கைப்பேசிக்கு அனுப்ப, தந்தை 11-ஆம் தேதி மீண்டும் அனுப்பினார். எங்களிடம் வந்து, இரண்டாவதைத் திருப்பித் தருமாறு கேட்டார்கள். பெறுநரின் கணக்கில் வரவாகிவிட்ட தொகையை அவருடைய இசைவின்றி வங்கி எடுத்துத் தர இயலாது. இறுதியில் விற்பனையாளர் அதனை அடுத்தடுத்த பட்டியல்களில் கழித்துக்கொண்டார், அதுவரை ரூ.48,380 முடங்கிக் கிடந்தது.

இதன்பின் அவர்களுக்காக நாங்கள் உடனிருந்து ஒரு முத்திரை செய்து கொடுத்தோம். அதற்கு வேண்டியவை இரண்டே: லிபர்ஆஃபிஸ் என்னும் இலவச மென்பொருளின் வரைபடப் பகுதியான டிரா, இலவச அடோபி அக்ரோபேட் ரீடர்.

முதலில் முத்திரையில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வோம். ‘PAID’ என்ற ஒரு சொல் மட்டும் போதாது. ஓராண்டு கழித்துத் தணிக்கையாளர் கேட்பது, எந்த நாளில், எந்தப் பரிமாற்றத்தில் செலுத்தப்பட்டது என்பதே. ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிவரவு எடுத்தவர் பட்டியல் தேதியிலிருந்து 180 நாள்களுக்குள் விற்பனையாளருக்குப் பணம் செலுத்தியிருக்க வேண்டும் என்பதால், அந்த நாளுக்கு வரிக்கணக்கிலும் வேலை உண்டு. எனவே சொல்லுக்குக் கீழே இரண்டு வெற்றிடங்களை விடுகிறோம்: ஒன்று செலுத்திய நாளுக்கு, மற்றொன்று யூடிஆர் எண்ணுக்கு. நெஃப்ட் எண்ணில் 16 எழுத்துகளும் ஆர்டிஜிஎஸ் எண்ணில் 22 எழுத்துகளும் இருக்கும். 22 எழுத்துகள் அடங்கும் அகலம் வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும், 8 செ.மீ. அகலமும் 3.5 செ.மீ. உயரமும் போதுமானவை.

நாள் தானாகவே விழும்படி செய்யலாமே என்று மகன் கேட்டார். ரீடரில் ‘Dynamic’ என்னும் வகையில் ‘RECEIVED’ என்ற முத்திரை ஏற்கெனவே உள்ளது. அது கணினிக் கடிகாரத்தைப் பார்த்து நாளையும் நேரத்தையும் தானே இட்டுக்கொள்ளும். பட்டியல் கைக்கு வந்ததைக் குறிக்க அது சாலப் பொருந்தும். செலுத்தியதைக் குறிக்கப் பொருந்தாது. வெள்ளிக்கிழமை அனுப்பிய பணத்துக்குத் திங்கட்கிழமை முத்திரை இட்டால், தானியங்கி நாள் திங்களைக் காட்டும். வங்கிக் கணக்கேட்டில் வெள்ளி இருக்கும். ஆகவே இந்த நாளைக் கையால் இடுவதே சரி.

இப்போது வரைவோம். டிராவில் புதிய வரைபடம் ஒன்றைத் திறந்து, `Page > Page Properties` சென்று அகலத்தை 8 செ.மீ. என்றும் உயரத்தை 3.5 செ.மீ. என்றும் மாற்றி, ஓரங்கள் நான்கையும் சுழியம் ஆக்குகிறோம். பக்கத்தின் அளவே முத்திரையின் அளவாகும்; ஏ4 பக்கத்தின் நடுவில் சிறிதாக வரைந்தால் முத்திரை ஏ4 அளவில் வந்து விழும். பிறகு விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, முனை மழுங்கிய செவ்வகம் ஒன்றை வரைகிறோம். அதன் கோட்டுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, உள்நிரப்பை `None` என்று வைக்கிறோம். மேலே பெரிய எழுத்தில் PAID, கீழே ‘நாள்:’, ‘யூடிஆர்:’ என்று தட்டச்சு செய்கிறோம். தமிழில் ‘செலுத்தப்பட்டது’ என்றும் இடலாம். தணிக்கையாளர் தமிழ் அறியாதவர் என்பதால் நம் வணிகர் ஆங்கிலச் சொல்லையே விரும்பினார். முடிந்ததும் `File > Export As > Export as PDF` வழியாகச் சேமிக்கிறோம். வரைபடக் கோப்பையும் தனியே சேமித்து வைத்தால் பின்னர் திருத்த முடியும்.

உள்நிரப்பை நீக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். பழைய ரப்பர் முத்திரையைத் தாளில் குத்தி, கைப்பேசியில் படம் எடுத்து, அந்த ஜேபிஜி படத்தையே முத்திரையாக்க முயல்வார்கள். அந்த வகைப் படத்தில் வெண்மையும் ஒரு நிறமே. ஆகையால் முத்திரை ஒரு வெள்ளை அட்டையைப் போலப் பட்டியலின்மேல் விழுந்து அடியிலுள்ள எழுத்துகளை மறைத்துவிடும். நம் வணிகரின் முதல் முயற்சியும் இதுவே. அதில் மொத்தத் தொகையே மறைந்துபோயிருந்தது. மேலே கூறிய முறையில் செய்தால் கோடும் எழுத்தும் மட்டும் விழும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

இனி அதனை ரீடரில் பதிவு செய்ய வேண்டும். ஏதேனும் ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து, கருவிப் பட்டியலில் `Add a stamp` என்பதைத் தேர்ந்தெடுக்கிறோம். பழைய பதிப்புகளில் அது `Stamp` என்று மட்டும் இருக்கும். அதில் `Custom Stamps > Create` சென்று `Browse` வழியாக நாம் செய்த கோப்பைக் காட்டுகிறோம். வகைக்கு ஒரு பெயரும் முத்திரைக்கு ஒரு பெயரும் கேட்கும். கொடுத்து முடித்தால் அந்த முத்திரை அந்தக் கணினியில் நிலைத்துவிடும். இனி எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே இடத்தில் அதனை எடுத்துப் பக்கத்தில் ஒருமுறை சொடுக்கினால் போதும். இழுத்து நகர்த்தலாம், மூலையைப் பிடித்துச் சிறிதாக்கலாம். மின்பட்டியலாக இருப்பின் அதிலுள்ள கியூஆர் கட்டத்தின்மேல் விழாதபடி இடவும். கோடு குறுக்கிட்டால் அதனைப் படிக்க இயலாமற் போகலாம்.

நாளையும் யூடிஆர் எண்ணையும், கருத்துகள் பகுதியிலுள்ள உரை சேர்க்கும் கருவியால் வெற்றிடத்தில் இடுகிறோம். எண்ணைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யாமல், கணக்கு விவரத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவது நல்லது. ஆங்கில ஓ எழுத்தும் சுழியமும் மாறியதால் தேடியும் அகப்படாத பரிமாற்றங்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

முத்திரையை எப்போது இடுவது? பணம் அனுப்பும் பொத்தானை அழுத்தியவுடன் அன்று. நெஃப்ட் பரிமாற்றம் அரைமணி நேரத் தொகுப்புகளாகத் தீர்வாகிறது. கணக்கு எண் பிழையானது போன்ற காரணங்களால் பெறுநருக்கு வரவு வைக்க முடியாவிடில், பெறும் வங்கி அத்தொகையைத் தீர்வு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அவசரப்பட்டு இட்ட முத்திரை அந்த வேளையில் பொய் சொல்லும். பணம் நம் கணக்கிலேயே இருக்க, பட்டியல் தீர்ந்ததாகக் காட்டும். பெறுநர் கணக்கில் வரவானது என்ற குறுஞ்செய்தி வந்தபின் இடுவோம்.

அவ்வாறு தவறி இட்டுவிட்டாலும் கவலையில்லை. ரீடர் இடும் முத்திரை, பக்கத்தோடு கலந்துவிடுவதன்று; பக்கத்தின்மேல் ஒட்டிய குறிப்புச் சீட்டைப் போன்றது. அதனைச் சொடுக்கி `Delete` விசையை அழுத்தினால் போய்விடும். இந்த வசதியே பிறகு குறையாகிறது: கோப்பைப் பெறும் எவரும் அதனை நீக்கலாம், நகர்த்தலாம். கைப்பேசியிலுள்ள சில செயலிகளில் அது தெரியாமலும் போகலாம்.

எனவே மாத இறுதியில், கணக்கு விவரத்தோடு ஒப்பிட்டுச் சரி என்று கண்ட பட்டியல்களில் முத்திரையைப் பக்கத்தோடு ஒன்றாக்கிவிடுவோம். விண்டோஸ் கணினியில் `Print` கட்டளை கொடுத்து, அச்சுப்பொறியாக `Microsoft Print to PDF` என்பதைத் தேர்ந்தெடுத்தால் புதிய கோப்பு ஒன்று பிறக்கும். அதே சாளரத்தில் `Comments & Forms` என்ற இடத்தில் `Document and Markups` என்று இருப்பதைப் பார்த்துக்கொள்ளவும். வெறும் `Document` என்றிருந்தால் முத்திரையின்றியே அச்சாகும். `Document and Stamps` என்று வைத்தால் முத்திரை மட்டும் வந்து, உரைக் கருவியால் இட்ட நாளும் எண்ணும் விடுபடக்கூடும். புதிய கோப்பைத் திறந்து முத்திரையின்மேல் சொடுக்கிப் பாருங்கள். அது பிடிபடவில்லை என்றால் வேலை முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. மின்னணுக் கையொப்பம் இட்ட பட்டியலை இவ்வாறு மறுஅச்சு செய்தால் புதிய கோப்பில் கையொப்பத்தின் உருவம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் தன்மை இராது. சில கோப்புகளில் முத்திரை இடவே அனுமதி இராது. ஆகவே வந்த கோப்பை வந்தபடியே ஓர் உறையில் வைத்து, அதன் நகலில்தான் முத்திரை இட வேண்டும். முத்திரை நம் சொந்தக் குறிப்பே. இதைப்போல் எவரும் ஒன்று செய்துகொள்ளலாம். பணம் செலுத்தியதற்குச் சான்று வங்கிக் கணக்கு விவரத்திலுள்ள பதிவே. முத்திரையிலுள்ள யூடிஆர் எண் அந்தப் பதிவைக் காட்டும் வழி.

தந்தையும் மகனும் இருமுறை செலுத்தியதற்கு முத்திரை மட்டுமே தீர்வாகிவிடாது. இரண்டாவது படி கைப்பேசியில் முத்திரையின்றி வரத்தான் செய்யும். அவர்கள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முத்திரையிட்ட கோப்புக்கு, வந்த பெயரை விட்டுவிட்டு, விற்பனையாளர் பெயரும் பட்டியல் எண்ணும் சேர்த்துப் பெயரிட்டு, இருவரும் திறக்கக்கூடிய ஒரே உறையில் சேமிக்கிறார்கள். யாராயினும் பணம் அனுப்புமுன் பட்டியல் எண்ணை அந்த உறையில் தேடிப் பார்க்கிறார். சென்ற மாதம் ஒரு பட்டியல் மறுபடியும் வந்தபோது, தேடிய தந்தைக்கு மகன் இட்ட சிவப்பு முத்திரை நாளோடும் எண்ணோடும் கிடைத்தது.

கணினியை மாற்றும்போது முத்திரை தானாக உடன்வராது. டிராவில் உருவாக்கிய பிடிஎஃப் கோப்பைப் பத்திரப்படுத்தியிருந்தால், புதிய கணினியிலும் `Create` வழியாக இரண்டு நிமிடத்தில் பதிந்துகொள்ளலாம்.