விளம்பரக் கணக்கு யார் பேரில் இருக்கிறது?

விளம்பர வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது பட்ஜெட் எவ்வளவு, ஆடியன்ஸ் யார், வீடியோ ரெடியா என்றுதான். கணக்கு யார் பேரில் இருக்கிறது, யார் யாருக்கு உள்ளே வர வழி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம்தான் ஓடுகிறது. அதனால் மெட்டாவை வைத்தே சொல்கிறேன், கூகுளை வேண்டிய இடத்தில் தொட்டுக்கொள்வோம்.

1. வேலையைத் தொடங்கும் முன் உரிமை யாருடையது என்று பாருங்கள். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது, "நீயே பார்த்துக்கப்பா" என்று கடைப் பையனிடம் விட்டுவிடுகிறார். பையன் கெட்டவன் இல்லை. அவசரத்தில் தன் ஃபேஸ்புக் ஐடியிலேயே கடையின் பேஜைத் திறக்கிறான். தன் பேரில் ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ தொடங்கி, விளம்பரக் கணக்கையும் வெப்சைட்டுக்கான பிக்சலையும் அதற்குள்ளேயே உருவாக்குகிறான். அதில் கடைக்குச் சொந்தமானது முதலாளியின் கார்டு மட்டும். இரண்டு தீபாவளி கழித்து அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைக்கிறது.

இப்போது கடைக்கு என்ன மிஞ்சும்? பேஜை அவன் மனது வைத்தால் மாற்றித் தரலாம். ஆனால் ஒரு போர்ட்ஃபோலியோவுக்குச் சொந்தமாகிவிட்ட விளம்பரக் கணக்கையும் பிக்சலையும் இன்னொரு போர்ட்ஃபோலியோவின் பேருக்கு மாற்ற முடியாது. பயன்படுத்த அனுமதி தரலாம், அவ்வளவுதான். இரண்டு வருடமாக வெப்சைட்டுக்கு வந்தவர்களைப் பற்றிச் சேர்ந்த தகவல், அதிலிருந்து உருவாக்கிய ஆடியன்ஸ் எல்லாம் அவன் வீட்டில். முதலாளி பத்திரப்பதிவே இல்லாமல் வீடு கட்டியவர் மாதிரி நிற்பார்.

ஆகவே முதலாளியே தன் சொந்த ஐடியில் business.facebook.com போய், கடையின் பேரில், கடையின் மின்னஞ்சலை வைத்து போர்ட்ஃபோலியோ தொடங்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுங்கள். பேஜை அதற்குள் கொண்டுவந்து, விளம்பரக் கணக்கையும் பிக்சலையும் அதற்குள்ளேயே புதிதாக உருவாக்குங்கள். பிறகு உங்களை அவர் உள்ளே சேர்க்கட்டும்.

2. விளம்பரக் கணக்கைச் சேர்க்கும்போது மூன்று வழி வரும்: புதிதாக உருவாக்குவது, இருப்பதைச் சேர்ப்பது, அணுக அனுமதி கேட்பது. நடுவில் இருப்பதுதான் வில்லங்கம். "சேர்ப்பது" என்றால் அந்தக் கணக்கின் உரிமையே உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு வந்துவிடும், பிறகு திருப்பிக் கொடுக்க வழி இல்லை. நீங்கள் ஏஜென்சியில் இருந்தாலும், தனியாக வேலை செய்தாலும், வாடிக்கையாளரின் கணக்கில் அந்த வழியைத் தொடாதீர்கள். அவர் கணக்கு அவரிடமே இருக்க, உங்களைப் பார்ட்னராகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் போர்ட்ஃபோலியோவின் பிசினஸ் ஐடி எண்ணை மட்டும் அவருக்கு அனுப்பினால் போதும்.

3. கடையின் பேரில் ஒரு பொய் ஐடி திறந்து, அதன் பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், கடையின் ஐடி கடைக்கே இருக்கட்டும் என்று. ஆனால் மெட்டாவின் விதிப்படி தனிநபர் ஐடி என்பது ஓர் உண்மையான ஆளுக்குத்தான். அந்த ஐடி என்றைக்காவது பூட்டப்பட்டு, அடையாள அட்டை காட்டச் சொன்னால், "ஸ்ரீ" என்று தொடங்கி "டெக்ஸ்" என்று முடியும் பேரில் யாருடைய ஆதாரைக் காட்டுவது? தவிர, நான்கு பேர் ஒரே ஐடியில் நுழைந்தால் இரவில் பட்ஜெட்டை ஏற்றியது யார் என்றும் தெரியாது. ஒவ்வொருவரும் தங்கள் சொந்த ஐடியில் வரட்டும். உங்கள் குடும்பப் படத்தை முதலாளி பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் வேண்டாம். போர்ட்ஃபோலியோவுக்குள் மற்றவர்களுக்குத் தெரிவது உங்கள் பேரும் வேலை மின்னஞ்சலும்தான்.

4. யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், முகத்தைப் பார்த்து அல்ல. போர்ட்ஃபோலியோ முழுவதற்கும் முழுக் கட்டுப்பாடு என்பது ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற அதிகாரம். அது இரண்டு பேரிடம் இருக்கட்டும்: முதலாளி, அவர் நம்பும் இன்னொருவர். ஒருவரிடம் மட்டும் விட்டால், அவர் ஐடி முடங்கும் நாளில் கடையே வெளியில் நிற்கும். ஐந்து பேரிடம் விட்டால் திருடனுக்கு ஐந்து வாசல்.

மற்றவர்களைச் சாதாரண அனுமதியோடு சேர்த்து, வேண்டிய இடத்துக்கு மட்டும் வழி விடுங்கள். போஸ்டர் செய்பவருக்குப் பேஜில் பதிவிடும் அனுமதி போதும். விளம்பரம் ஓட்டுபவருக்கு விளம்பரக் கணக்கில் கேம்பெயின் நடத்தும் அனுமதி. கணக்குப்பிள்ளைக்கு ரசீது பார்க்கும் அனுமதி. கூகுள் விளம்பரக் கணக்கிலும் இப்படியே படிகள் உண்டு: மின்னஞ்சல் மட்டும், பில்லிங், பார்வை மட்டும், ஸ்டாண்டர்டு, அட்மின். தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டு போதும். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அட்மின் வேலை.

ஒன்று கவனியுங்கள். கேம்பெயின் நடத்த அனுமதி உள்ளவருக்குக் கார்டை மாற்ற முடியாது என்றாலும், ஏற்கெனவே இருக்கும் கார்டில் செலவு செய்ய முடியும். நாளுக்கு ரூ. 2,000 என்பதை ரூ. 20,000 ஆக்க ஒரு பூஜ்யம் போதும். அதைத் தடுக்க, பில்லிங் பகுதியில் கணக்குக்கான மொத்தச் செலவு வரம்பை வையுங்கள். வரம்பைத் தொட்டதும் எல்லா விளம்பரமும் நின்றுவிடும். கொஞ்சம் தொல்லைதான், அடிக்கடி ஏற்றிவிட வேண்டும். சின்னக் கடைக்கு அந்தத் தொல்லை நல்லது.

5. இரண்டடுக்கு உள்நுழைவை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். போர்ட்ஃபோலியோவின் பாதுகாப்புப் பகுதியிலேயே யாருக்கும் வேண்டாம், அட்மின்களுக்கு மட்டும், எல்லோருக்கும் என்று தேர்வு இருக்கிறது. எல்லோருக்கும் என்று வையுங்கள். போஸ்டர் போடும் பையன் வழியாகவும் ஆள் நுழையலாம்.

எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருவதைவிட, போனில் ஆத்தென்டிகேட்டர் செயலி வைப்பது மேல். சிம்மை ஏமாற்றி வேறொருவர் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்குப் போகும், செயலியில் வரும் எண் போனோடு இருக்கும். போன் தொலைந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள். இரண்டடுக்கை இயக்கியதும் 10 மீட்புக் குறியீடுகளை ஃபேஸ்புக் கொடுக்கும், கூகுளும் அப்படியே 10 கொடுக்கும். ஒரு குறியீடு ஒரு முறைதான் செல்லும். அதைத் தாளில் எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். போன் போனால் அதுவும் போய்விடுமே!

இரண்டடுக்கு உள்நுழைவுக்கும் எல்லை உண்டு. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது, "இவர் வந்துவிட்டார்" என்ற அடையாளத்தை பிரவுசர் குக்கீயாக வைத்திருக்கும். அதைத் திருடினால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். 2022இல் ஃபின்லாந்தின் வித்செக்யூர் நிறுவனம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த டக்டெயில் என்ற வைரஸ் இதைத்தான் செய்தது. விளம்பர வேலை செய்பவர்களாகப் பார்த்து, லிங்க்ட்இன் வழியாகவும் கோப்பை அனுப்பினார்கள். திறந்தால் குக்கீயை எடுத்துக்கொண்டு, திருடனின் மின்னஞ்சலை போர்ட்ஃபோலியோவில் அட்மினாகச் சேர்க்க முயலும். ஆகவே "எங்கள் பிராண்டு விவரம் இதில்" என்று முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஜிப் கோப்பை, விளம்பரக் கணக்கு திறந்திருக்கும் கணினியில் தொடாதீர்கள். பெயரின் கடைசியில் .exe இருக்கிறதா பாருங்கள், விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும், காட்டச் சொல்லுங்கள்.

6. கள்ளன் நுழைந்ததற்கு அடையாளம் பெரும்பாலும் போர்ட்ஃபோலியோவின் People, Partners பட்டியல்களில்தான் தெரியும்: அறியாத பேர், அறியாத ஜிமெயில், நீங்கள் சேர்க்காத பார்ட்னர், ஏற்கப்படாமல் காத்திருக்கும் அழைப்பு. அல்லது நமக்குச் சம்பந்தமே இல்லாத நாட்டுக்கு ஒரு கேம்பெயின் ஓடும். உடனே வேறொரு சுத்தமான கணினியில் உட்காருங்கள். வைரஸ் இருக்கும் கணினியில் பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் திருடனுக்கே. எல்லாக் கேம்பெயினையும் நிறுத்தி, அந்த ஆளை நீக்கி, எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறி, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். உள்ளேயே போக முடியாவிட்டால் வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்குங்கள், மெட்டாவுக்கு எழுதுவது அதற்கு அடுத்து.

7. ஆள் வேலையை விட்டுப் போகும்போதுதான் மேலே சொன்னதெல்லாம் பலிக்கிறதா என்று தெரியும். அவர் போகும் நாளுக்கு முன்பே முழுக் கட்டுப்பாடு வேறு இருவரிடம் இருப்பதை உறுதி செய்யுங்கள். கடைசி நாளில் People பட்டியலில் அவரை நீக்குங்கள். அவர் தனியாகவும் வேலை எடுப்பவர் என்றால் அவருடைய சொந்த போர்ட்ஃபோலியோ பார்ட்னராக ஒட்டிக்கொண்டிருக்கலாம், Partners பட்டியலையும் பாருங்கள்.

போர்ட்ஃபோலியோவோடு முடியாது. இன்ஸ்டாகிராமை பாஸ்வேர்டு வைத்துத்தான் பலர் நடத்துகிறார்கள். அதை மாற்றும்போது அதில் பதிந்த மின்னஞ்சலும் போன் நம்பரும் யாருடையது என்று பாருங்கள், அவருடையதாக இருந்தால் புதுப் பாஸ்வேர்டையும் அவர் மாற்றிவிடலாம். கூகுள் விளம்பரக் கணக்கு, அனலிடிக்ஸ், டேக் மேனேஜர், டொமைன் வாங்கிய இடம், வாட்ஸ்அப் பிசினஸ் நம்பரின் சிம் ஆகியவற்றிலும் அவர் பேர் இருக்கும். கடைக் கணினியில் அவர் குரோம் புரொஃபைலையும் நீக்கிவிடுங்கள்.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்று உண்டு. விளம்பரத்தின் லீட் ஃபார்மை ஷீட்டோடோ சிஆர்எம்மோடோ அவர் ஐடியை வைத்து இணைத்திருந்தால், அவரை நீக்கியதும் அந்த இணைப்பு அறுந்துபோகும். விளம்பரம் ஓடும், பணம் போகும், லீட் மட்டும் வந்து சேராது. "சீசன் டல்" என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே நீக்குவதற்கு முன் அந்த இணைப்பை வேறொருவர் ஐடியில் மறுபடி போட்டு, நீக்கிய பிறகு மெட்டாவின் லீட் சோதனைக் கருவியில் ஒரு சோதனை லீட் அனுப்பி, ஷீட்டில் வந்து விழுகிறதா என்று பாருங்கள்.

8. நீங்கள் வேலையை விடும்போது, அவர்கள் மறந்தாலும் உங்களை நீக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதியே கேளுங்கள். விளம்பரக் கணக்கின் செயல்பாட்டு வரலாற்றில் யார் எதை மாற்றினார் என்று பேரோடு நிற்கும். ஆறு மாதம் கழித்து உங்கள் ஐடியை எவனோ திருடி அந்தக் கடையின் கார்டில் கை வைத்தால், அங்கே இருக்கப்போவது உங்கள் பேர்.