தோட்டத்துக் கடிதத்தைத் தமிழாக்க எந்தச் சட்ட நூலைப் பார்ப்பது?

மெர்போக், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வேலை தொடர்பான கடிதம் பெரும்பாலும் மலாயில்தான் வரும். அதைத் தமிழில் எழுதித் தருபவருக்கு மூன்று துணைகள் உண்டு: மலாய், ஆங்கிலம் இரண்டிலும் உள்ள மலேசியச் சட்டம், இலங்கைச் சட்டங்களின் தமிழ்ப் பிரதி, தமிழ்நாட்டு அரசின் சட்டச் சொல்லகராதி. மூன்றும் ஒரே வேலைக்கு உதவா.

பொருளுக்கு: மலேசியச் சட்டம்

1980ஆம் ஆண்டு வேலைச் சட்ட விதிமுறைகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'லே ஆஃப்' என்பதை மலாய் 'ரெந்தி கெர்ஜா செந்தாரா' என்கிறது. 'செந்தாரா' இருப்பதால் இது தற்காலிகமானது என்று தெரிகிறது. விதி இன்னும் தெளிவு: வேலை கொடுத்தால்தான் சம்பளம் என்ற நிலையில் உள்ளவருக்கு, தொடர்ந்த நான்கு வாரத்தில் குறைந்தது 12 வழக்கமான வேலை நாட்கள் வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்றால் அது 'லே ஆஃப்'. ஓய்வு நாளும் பொது விடுமுறையும் கணக்கில் சேரா. இதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே தமிழ்ச் சொல் தேடுங்கள்.

இரு பிரதிகளும் முரண்பட்டால் எது செல்லும்? 1967 செப்டம்பருக்குப் பின் வந்த சட்டங்களில், மாமன்னர் வேறு விதமாக ஆணையிடாத வரை, மலாய்ப் பிரதியே செல்லும்.

சொல் தேட: இலங்கை, தமிழ்நாடு

இலங்கைப் பிரதி முழு வாக்கியமாக இருப்பதால் சொல் எப்படிப் பொருந்துகிறது என்று காட்டும். ஆனால் அங்கு முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும். சொல்லகராதி விரைவானது, வரையறையைத் தராது. இந்தியாவின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் இதே 'லே ஆஃப்' நிலையை நிலக்கரித் தட்டுப்பாடு, மின்தடை, இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் வரையறுத்தது. நம் விதி நாட்களை எண்ணுகிறது. ஆகவே சொல்லை எடுக்கலாம், விளக்கத்தை எடுக்கக் கூடாது.

எடுத்துக்காட்டாக ஒரு கடிதம்

கடிதத்தில் 'ரெந்தி கெர்ஜா செந்தாரா' என்று வந்திருக்கிறது என்று கொள்வோம். அதை 'வேலை நிறுத்தம்' என்று எழுதினால் தொழிலாளர் தாமே வேலையை மறுத்ததாகப் பொருள்படும். 'ஆட்குறைப்பு' என்றால் வேலையே போய்விட்டது. 'இடைநீக்கம்' ஒழுங்கு நடவடிக்கையாகத் தோன்றும். 'தற்காலிக வேலையின்மை' என்பது வரையறைக்குப் பொருந்துகிறது. முதல்முறை வரும்போது மலாய்ச் சொல்லையும் பக்கத்தில் எழுதுங்கள். தொழிலாளர் இலாகாவில் அதைத்தான் கேட்பார்கள்.

உள்ளூர் வழக்கு வெல்லும் இடம்

நிறுவனப் பெயர்களில் அகராதியை விடுங்கள். நமக்கு ஊழியர் சேமநிதி; இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி; தமிழ்நாட்டில் வருங்கால வைப்பு நிதி. இங்கு சேமநிதி என்றால்தான் தன் பணம் என்று புரியும்.

ஆக, பொருளுக்கு மலேசியச் சட்டம், சொல்லுக்கு இலங்கையும் தமிழ்நாடும், பெயருக்குத் தோட்டத்து வழக்கு. உங்கள் தமிழ்ப் பிரதி புரிந்துகொள்ள மட்டுமே. வழக்கென்று வந்தால் மூலக் கடிதத்தையே காட்ட வேண்டும் என்று அடியில் எழுதிவிடுங்கள்.