வினைச்சொல்லை மாற்றினால் போதுமா?

நம்பிக்கை: பாடக்குறிப்பில் ‘அறிவர்’, ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதக் கூடாது; ‘விளக்குவர்’, ‘பட்டியலிடுவர்’ என்று எழுதினால் கற்றல் நோக்கம் அளவிடத்தக்கதாகிவிடும்.

ஆசிரியர் பயிற்சி எதற்குப் போனாலும் இதுதான் காதில் விழுகிறது. வினைச்சொற்களின் பட்டியலை நகலெடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழைய குறிப்பில் ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதுகிறோம். இது வீண் வேலை. ‘பின்னங்களை ஒப்பிடுவதைப் புரிந்துகொள்வர்’ என்பதை ‘பின்னங்களை ஒப்பிடுவதை விளக்குவர்’ என்று ஆக்கியதால் என்ன தெளிந்தது? எந்த மாதிரிப் பின்னங்கள்? படத்தைப் பார்த்தா, பார்க்காமலா? எத்தனை சரியாக இருந்தால் போதும்? ஒன்றுக்கும் பதில் இல்லையே!

உண்மை: நோக்கம் எழுதுவது பற்றி ராபர்ட் மேகர் 1962-இல் வெளியிட்ட சிறு நூல் மூன்றைக் கேட்டது. மாணவர் என்ன செய்து காட்டுவார், எந்த நிபந்தனையில் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்தால் ஏற்போம். வினைச்சொல் முதல் கேள்விக்கு மட்டுமே பதில். ‘புரிந்துகொள்வதை’ விலக்கியவர் புளூம் என்று சொல்வதும் தவறு. அவர் குழு 1956-இல் வகுத்த அடுக்கில் இரண்டாம் படியே புரிதல்தான். 2001-இல் திருத்தியவர்களும் அதை எடுத்துவிடவில்லை. புரிதல் நமக்கு வேண்டும். அது நடந்ததற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் என்ன என்பதைத்தான் எழுத வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு 40 நிமிடப் பாடவேளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான் எழுதுவது இப்படி: ‘பகுதி எண் வேறுபட்ட மூன்று ஜோடிப் பின்னங்களைத் தந்தால், மாணவர் தனியாக, ஐந்து நிமிடத்தில், ஒவ்வொரு ஜோடியிலும் பெரியதை வட்டமிடுவார், ஒரு ஜோடிக்குப் படம் வரைந்து காரணம் காட்டுவார். மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.’

ஜோடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. 1/3, 1/4 ஒன்று. 2/5, 1/2 இரண்டாவது. 3/4, 1/2 மூன்றாவது. பெரிய எண்கள் இருந்தால் பின்னமும் பெரியது என்று நினைக்கும் பிள்ளை முதல் இரண்டிலும் தவறும், மூன்றாவதைச் சரியாகச் செய்துவிடும். ‘பகுதி சிறியதென்றால் பின்னம் பெரியது’ என்று குறுக்குவழி மனப்பாடம் செய்த பிள்ளை முதல் இரண்டையும் சரியாகப் போட்டு மூன்றாவதில் மாட்டும். இப்போது ‘மூன்றில் இரண்டு போதும்’ என்று எழுதியிருந்தால்? இரண்டாவது பிள்ளை தேறிவிடும். அதன் பிழை நம் கண்ணில் படவே படாது. எல்லாப் பாடத்துக்கும் ‘80 சதவீதம்’ என்று எழுதிவைப்பவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. தேர்ச்சி அளவு, பிள்ளைகள் செய்யும் பிழையைப் பார்த்து வைக்க வேண்டியது. படம் கேட்டதற்கும் காரணம் உண்டு. இரண்டில் ஒன்றை வட்டமிடுவதுதான் வேலை என்றால் குருட்டுவாக்கில் போட்டாலே எட்டில் ஒரு பங்கு வாய்ப்பில் மூன்றும் சரியாகிவிடும்.

இந்த ஐந்து நிமிடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைப் பிரித்துப் பாருங்கள். வருகைப்பதிவுக்கும் முந்தைய பாடத்தை நினைவூட்டுவதற்கும் எட்டு நிமிடம் போகும். காகிதத்தை மடித்து, சம அளவுத் துண்டுகளை ஒப்பிட்டுக் காட்ட 15 நிமிடம். இருவர் இருவராகப் பயிற்சி செய்ய 12 நிமிடம். இதில் இரண்டாவது நோக்கத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? ஐந்து நோக்கங்கள் எழுதிய குறிப்பு, அழகான கையெழுத்தில் எழுதிய பொய்.

அறிவு, மனப்பான்மை, செயல்திறன் மூன்றும் ஒவ்வொரு பாடத்திலும் வர வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. ‘உருவாக்குவர்’ என்று எழுதினால்தான் உயர்ந்த பாடம் என்பதும் வெறும் பேச்சு. பின்னத்தை ஒப்பிடத் தெரியாத பிள்ளை எதை உருவாக்கும்? எல்லாவற்றையும் இப்படி அளந்துவிடலாம் என்பதும் சரியல்ல. கலைக்கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1960-களிலேயே இதை எதிர்த்தார். ஒரு கவிதையைப் படித்த வகுப்பில் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விளைவு வந்தால் அது வெற்றிதான். அங்கே ஒரே விடையை முன்கூட்டி எழுதிவைப்பது பாடத்தைக் கெடுக்கும்.

தலைமை ஆசிரியர்களிடமும் பார்வைக்கு வரும் அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். பாடக்குறிப்பில் வினைச்சொல்லுக்குச் சிவப்பு மையில் கோடு போடுவதை விடுங்கள். அன்றைக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த அரைத்தாள்களை வாங்கிப் பாருங்கள். எந்த ஜோடியில் எத்தனை பேர் தவறினார்கள், அதற்காக மறுநாள் பாடத்தில் என்ன மாற்றினீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.