கூரியர் நின்ற பிறகு விற்கும் கார்டு

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது எங்கள் ஜவுளிக்கடையில் ஆன்லைன் ஆர்டரை நிறுத்திவிடுவோம். அதற்குமேல் அனுப்பும் பார்சல் பண்டிகைக்குள் போய்ச் சேரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கிஃப்ட் கார்டு விளம்பரத்தை நான் தொடங்குவதும் அன்றைக்குத்தான். முன்னதாகத் தொடங்கினால், சேலை எடுக்க வந்தவரும் கார்டுக்கு மாறிவிடுவார். தீபாவளிச் சரக்கு அலமாரியிலேயே தங்கிவிடும்.

இந்தக் கார்டு யாருக்கு வேண்டும்? வெளியூரில் வேலை செய்துகொண்டு, நம் ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் துணி எடுத்துத் தர நினைப்பவருக்கு. தலைத்தீபாவளி மாப்பிள்ளையின் அளவும் ரசனையும் தெரியாத மாமனாருக்கு. அதனால் எல்லோருக்கும் செய்தி அனுப்புவதில்லை. முந்தைய ஆண்டுகளில் வெளியூரிலிருந்து பணம் கட்டி உள்ளூர் முகவரிக்குத் துணி அனுப்பியவர்களை முதலில் பிரித்தெடுப்பேன். "இன்று வாங்கினால் தீபாவளி காலையில் உங்கள் பெயரோடு அம்மாவின் போனுக்குப் போய்ச் சேரும்" என்ற ஒரே வரி போதும். விளம்பரக் குறுஞ்செய்தி வாசகத்தை டிராய் விதிப்படி டி.எல்.டி. தளத்தில் பதிய வேண்டும். அந்த வேலையை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஒப்புதல் தாமதமானால் விளம்பரமே வீண்.

கார்டின் விலையில் தள்ளுபடி கொடுக்காதீர்கள். 2,000 ரூபாய் கார்டை 1,800-க்குக் கொடுத்தால் 200 ரூபாய் அன்றே கையைவிட்டுப் போகும். நான் முழு விலைக்கு விற்று, வாங்கியவருக்கு 200 ரூபாய் போனஸ் கூப்பன் தனியாகத் தருகிறேன். தீபாவளிக்கு மறுநாள் முதல் பொங்கல் வரை, குறைந்தது 1,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால் அது செல்லும். கூப்பன் திரும்பி வந்தால்தான் எனக்குச் செலவு. வந்தாலும் கூடவே ஒரு விற்பனை வருகிறது. தீபாவளிக்குப் பிறகு கடை காலியாக இருக்கும் வாரங்களுக்கு இது பெரிய உதவி. கூப்பனின் கெடுவையும் கார்டின் கெடுவையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கார்டு பெறுபவருடைய பணம். அதற்கு ஓராண்டாவது கொடுங்கள்.

குழப்பம் வருவது கவுன்டரில்தான். பண்டிகைக்கு எடுத்த தற்காலிக ஊழியருக்குக் கார்டு எண்ணை பில்லில் எங்கே போடுவது என்று தெரியாது. 2,000 ரூபாய் கார்டுக்கு 1,450 ரூபாய்க்குத் துணி எடுத்த அம்மாவிடம், மீதி 550 போய்விட்டது என்று சொல்லிவிடுவார். அதனால் விற்பனை தொடங்கும் முன் ஒவ்வொரு பில்லிங் ஆளையும் ஒரு சோதனைக் கார்டைப் பாதி செலவழித்து, மீதியை பில்லில் அச்சிட்டுக் காட்டச் சொல்கிறேன்.

நம் கடையில் மட்டும் செல்லும் கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. கார்டு விற்ற பணத்தைத் தீபாவளி விற்பனையில் சேர்க்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். துணி கைமாறும் நாளில்தான் அது விற்பனை, ஜி.எஸ்.டி.யும் அப்போதுதான்.