துக்கம் பகிரும் வட்டம்: நடத்துபவர் முதலில் சொல்ல வேண்டியவை

பரவை போன்ற ஊர்களில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் துக்கம் கேட்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். அதன்பின் கூடும் வட்டத்தின் முதல் நாளில் இப்படித் தொடங்கலாம்.

● நேரம்: “வாங்க, உட்காருங்க. அஞ்சரைக்கு முடிச்சிடுவோம். நடுவுல எந்திரிச்சுப் போகலாம், திரும்பவும் வரலாம்.”

● மௌனம்: “பேசணும்னு கட்டாயம் இல்லை. உங்க முறை வர்றப்ப தலையசைச்சாப் போதும்.”

● ரகசியம்: “இங்க கேட்டதை வெளிய சொல்ல வேண்டாம். யார் உயிருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்.” பாதிப்பேர் சொந்தக்காரர்களாக இருக்கும் ஊரில் இந்த உறுதி இல்லாமல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். டெலிமானஸ் இலவச உதவி எண் 14416ஐப் பலகையில் எழுதிவையுங்கள்.

● அறிவுரை: “‘எல்லாம் விதி’, ‘மனசைத் தேத்திக்கோ’ன்னு சொல்லாம, கேட்டுக்கிட்டு மட்டும் இருப்போம்.”

● முதல் சுற்று: தன் பெயர், இறந்தவர் பெயர், உறவு ஆகிய மூன்று மட்டும் போதும். எப்படி இறந்தார் என்று கேட்காதீர்கள். தற்கொலையில் ஒருவரை இழந்தவர் அந்தக் கேள்வியிலேயே ஒடுங்கிவிடுவார்.

ஒருவர் நிறுத்தாமல் பேசினால் மற்றவர்கள் தரையைப் பார்க்கத் தொடங்குவார்கள். அப்போது, “அக்கா, உங்க மகனைப் பத்தி இன்னும் கேட்கணும். எல்லாரும் பேர் சொன்னதும் உங்ககிட்டதான் வருவேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி அவரிடம் திரும்பி வாருங்கள்.