நாகூர்க் கரை எவ்வளவு நகர்ந்தது? செயற்கைக்கோள் படத்தில் அளக்கும் முறை

வெட்டாறு கடலில் கலக்கும் நாகூர்ப் பகுதியில் நிலம் வைத்திருக்கும் உழவர் பெருமக்களுக்கு முகத்துவாரத்தின் நிலை முக்கியமானது. அங்கு மணல்மேடு அடைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் வடியாமல் சம்பா வயலில் தேங்கும். அகலத் திறந்திருந்தால் கோடையில் உப்புநீர் ஆற்றில் ஏறும். முகத்துவாரமும் கரையும் ஆண்டுதோறும் எப்படி மாறின என்பதைப் பழைய செயற்கைக்கோள் படங்களில் காணலாம்.

கணிப்பொறியில் Google Earth Pro என்னும் இலவச மென்பொருளைத் திறந்து நாகூரைத் தேடுங்கள். View பட்டியலில் Historical Imagery என்பதை அழுத்தினால் மேலே ஒரு காலக்கோடு தோன்றும். அதை இடப்பக்கம் நகர்த்த, பழைய படங்கள் வரும். 1980களின் படங்கள் லேண்ட்சாட் கோள் எடுத்தவை. அவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். ஆகவே 10, 20 மீட்டர் அரிப்பை அவற்றில் தேடுவது வீண். அவற்றில் 12/31/1985 என்பது போன்ற தேதி இருந்தால், அன்று எடுத்த படம் என்று கொள்ளாதீர்கள். அவை பல நாள் படங்களைச் சேர்த்து ஒட்டியவை.

வெவ்வேறு ஆண்டுப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை. சில மீட்டர் விலகியிருக்கும். எனவே மாறாத ஓர் இடத்திலிருந்து அளக்க வேண்டும். தர்கா மினார் உச்சி இதற்கு உதவாது, உயரமானவை படத்தில் சாய்ந்து தெரியும். தர்கா குளத்தின் ஒரு மூலையே நல்லது. ஒவ்வொரு படத்திலும் அந்த மூலையில் புதிதாகச் சொடுக்கி, Ruler கருவியால் நேர் கிழக்கே (Heading 90) கரை வரை அளந்து எழுதுங்கள். தொடக்கமும் முடிவும் ஒரே படத்தில் இருப்பதால் விலகல் கணக்கில் வராது.

கரை என்று எதைக் கொள்வது? அலைநுனியைக் கொள்ளாதீர்கள். இக்கரையில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஏறி இறங்கும். ஆயினும் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் மணற்கரையில் அரை மீட்டர் ஓதமே நீர்விளிம்பை 10 மீட்டர் தள்ளிவிடும். அடப்பங்கொடி போன்ற செடிகள் முடியும் கோடே நம்பத்தக்கது.

சான்றாக, ஒரு படத்தில் 640 மீட்டர், பிந்தைய படத்தில் 615 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தெளிவான படங்களாகவும், ஒரே பருவத்தில் எடுத்தவையாகவும் இருந்தால் 25 மீட்டர் கரை போயிருக்கிறது எனலாம். ஒன்று லேண்ட்சாட் படமானால் எதுவும் சொல்ல இயலாது. முன்னது மாசியிலும் பின்னது மார்கழியிலும் எடுத்தவையானால், வடகிழக்குப் பருவக்காற்று அரித்த மணல் கோடையில் திரும்பியிருக்கவும் கூடும்.

நாகூரில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னும் பின்னும் தனித்தனியே அளவெடுங்கள். அதுபோல் 2009இல் செயல்படத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் வடக்கே வாஞ்சூரில் உள்ளது. அதன் கருங்கல் அலைத்தடுப்புச் சுவர்கள் படத்தில் தெளிவாகத் தெரியும். கரையோரம் நகரும் மணலை இத்தகைய சுவர் ஒருபுறம் தேக்கி, மறுபுறம் குறைக்கும். ஆகவே சுவர் இல்லாத படங்களை ஒரு வரிசையாகவும், உள்ளவற்றை மற்றொரு வரிசையாகவும் குறித்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தின் அகலத்தையும் ஒவ்வொரு படத்திலும் அளந்து, அவ்வாண்டு உங்கள் வயலில் நீர் எத்தனை நாள் தேங்கியது என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். வடிகால் தூர்வார மனுக் கொடுக்கும்போது இந்த அட்டவணையை இணைக்கலாம்.