ஒரு புள்ளி போனால் வரிசையாக ஐந்து போகிறது

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பேட்மின்டன் ஆடுகிறாள். பயிற்சியில் நன்றாக ஆடுபவள், போட்டியில் ஒரு பந்தை நெட்டில் அடித்துவிட்டால் அடுத்த நான்கைந்து புள்ளிகளையும் மளமளவென்று விட்டுவிடுகிறாள். முதல் ஆட்டம் தோற்றால் இரண்டாவதும் போச்சு. என்ன செய்வது?
- பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் ஒரு தந்தை, நந்திதுர்க், கோலார் தங்கவயல்

பதில்: அடுத்த முறை ஆட்டத்தைப் பார்க்கும்போது, பிழை நடந்ததும் அவள் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் இறகுப்பந்தை வெடுக்கென்று எதிராளியிடம் தட்டிவிட்டு, உடனே அடுத்த சர்வீஸை எதிர்கொள்ள நின்றுவிடுவாள். மனம் இன்னும் போன புள்ளியிலேயே நிற்க, கை மட்டும் அடுத்ததற்குப் போய்விடுகிறது.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கிடைக்கும் சில நொடிகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பிழை செய்ததும் நெட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பட்டும். ராக்கெட் நரம்புகளை விரலால் நேராக்கியபடி இரண்டடி நடந்து, மூச்சை நீளமாக வெளியே விடட்டும். பிறகு மனதுக்குள் ஒரே ஒரு சொல்: ‘உயரம்’, அல்லது ‘கால்’. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி எதிராளியைப் பார்க்கட்டும். ஆட்டம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்பது விதி. இழுத்தடித்தால் நடுவர் கண்டிப்பார். எனவே எல்லாம் பத்து நொடிக்குள் முடிய வேண்டும். இன்னும் ஆறவில்லை என்றால் 11-வது புள்ளியில் வரும் 60 நொடி இடைவேளை இருக்கிறது.

அந்தச் சொல் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். ‘நெட்டில் அடிக்காதே’ என்றால் நெட்தான் கண்ணில் நிற்கும். சொல்லை அவளே தேர்ந்தெடுக்கட்டும். நாம் கொடுப்பது நிலைக்காது.

இது போட்டி நாளில் திடீரென்று வராது. பயிற்சியில் 15-19 என்று பின்தங்கிய நிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பிறகு இந்த வரிசை முடிந்தால்தான் அடுத்த சர்வீஸ். சில வாரம் செயற்கையாகத்தான் தெரியும், பரவாயில்லை.

முழு ஆட்டமே தோற்றால்? 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியில், 17 வயது குகேஷ் ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்றார். அடுத்த நாள் ஓய்வு. எட்டாவது சுற்றில் விதித்தை வென்றார், போட்டியையும் வென்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தமக்குத் தெம்பு வந்தது என்று பின்னர் சொன்னார். அவருக்கு ஒரு முழு நாள் கிடைத்தது. உங்கள் மகளுக்கு இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இரண்டே நிமிடம். அதில் ‘ஏன் தோற்றாய்’ என்று யாரும் கேட்க வேண்டாம். தண்ணீர், துண்டு, அடுத்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு யோசனை. அது போதும். அலசலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். (கேலரியில் நீங்கள் தலையில் கை வைப்பதும் அவளுக்குத் தெரியும்.)

ஒரு நோட்டில், பிழைக்குப் பின் தொடர்ந்து எத்தனை புள்ளி போகிறது என்று குறித்துவாருங்கள். ஐந்து மூன்றானாலே முறை வேலை செய்கிறது. மாறாக, புள்ளி போவதெல்லாம் பின்மூலை பேக்ஹேண்டில்தான் என்று தெரிந்தால் அது மனப் பிரச்சினை அல்ல. நோட்டை அவளுடைய பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.